எஃப்பிஎஸ் இறங்கினால் குறி தப்புகிறதா? அறிகுறியைப் பார்த்து மவுஸைச் சரிசெய்யும் வழி

சார்ஜரைப் பிடுங்கியதும் குறி தள்ளிப் போகிறது என்று என் அக்கா மகன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். "மாமா, கரன்ட்ல இருக்கும்போது சரியா தலையில போய் நிக்குது. பேட்டரிக்கு மாத்தினா அதே வீச்சுக்கு ஆளைத் தாண்டிப் போயிடுது. மவுஸ் போயிடுச்சா?"

மவுஸில் ஒரு குறையும் இல்லை. சார்ஜரில் அந்த கேம் 144 எஃப்பிஎஸ்ஸில் ஓடியது, பேட்டரியில் 60-க்கு இறங்கியது. யார் யாரோ சொன்னதைக் கேட்டு அவன் `Enhance pointer precision`-ஐ அணைத்திருந்தான், கேமில் ரா இன்புட்டைப் போட்டிருந்தான், டிபிஐயை நான்கு முறை மாற்றியிருந்தான். எதுவும் பிடிபடவில்லை. இவையெல்லாம் சரியான மருந்துகள்தான். ஆனால் வேறொரு நோய்க்கானவை. எந்த அறிகுறிக்கு எந்தக் காரணம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் அரை மணி நேரத்தில் விஷயம் முடிந்துவிடும். அந்த வரிசையில்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

## முதலில், மவுஸ் என்ன சொல்கிறது?

மவுஸுக்குத் திரை தெரியாது, கோணம் தெரியாது. "போன தடவை சொன்னதற்குப் பிறகு இத்தனை கவுன்ட் வலது பக்கம், இத்தனை கவுன்ட் கீழே நகர்ந்தேன்" என்பதை மட்டும் சொல்லும். 800 டிபிஐ என்றால் ஒரு அங்குலம் நகர்ந்ததற்கு 800 கவுன்ட். 1000 ஹெர்ட்ஸ் மவுஸ் இதை ஒரு மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை சொல்கிறது. கேம் ஒவ்வொரு ஃபிரேமிலும் அதுவரை வந்து சேர்ந்த கவுன்ட்டையெல்லாம் கூட்டி எடுத்துக்கொள்ளும். 144 எஃப்பிஎஸ்ஸில் ஒரு ஃபிரேமுக்கு ஏழு செய்திகள் போல வரும், 60-இல் பதினாறு பதினேழு வரும்.

கூட்டிய கவுன்ட்டைச் சென்சிட்டிவிட்டியால் பெருக்கினால் பார்வை எத்தனை டிகிரி திரும்ப வேண்டும் என்பது கிடைக்கும். கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் வரிசை கேம்களில் கணக்கு இதுதான்:

```
டிகிரி = கவுன்ட் × sensitivity × 0.022
```

இந்த 0.022 என்பது `m_yaw`-இன் மதிப்பு. இந்தக் கணக்கில் கையின் வேகமும் இல்லை, எஃப்பிஎஸ்ஸும் இல்லை. அதனால்தான் நல்ல கேமில் 20 செ.மீ. நகர்த்தினால், மெதுவாக நகர்த்தினாலும் வேகமாக நகர்த்தினாலும், 30 ஃபிரேமிலும் 300 ஃபிரேமிலும் ஒரே கோணம் வருகிறது. இந்த இரண்டில் ஒன்று எங்கேயோ கணக்குக்குள் புகுந்துவிட்டால்தான் குறி மாறும். கை வேகம் புகுந்ததா, ஃபிரேம் புகுந்ததா? இதைக் கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை.

## புத்தகச் சோதனை

இரண்டு கனமான புத்தகங்களும் ஒரு ஸ்கேலும் போதும். கெட்டி அட்டைப் புத்தகமாக இருந்தால் நல்லது. மவுஸின் இடது ஓரம் முதல் புத்தகத்தைத் தொடும் நிலையிலிருந்து, வலது ஓரம் இரண்டாவது புத்தகத்தைத் தொடும் வரை சரியாக 20 செ.மீ. பயணம் இருக்கும்படி இடைவெளி விடுங்கள். மவுஸின் அகலத்தையும் சேர்த்துக்கொள்ள மறக்க வேண்டாம். மவுஸுக்குப் பின்னால் ஸ்கேலைக் குறுக்காக வைத்து, அதை ஒட்டியே தள்ளுங்கள். மவுஸ் கொஞ்சம் சாய்ந்தாலும் கவுன்ட் மேல்கீழ்ப் பக்கம் சிதறிவிடும்.

கேமில் ஆள் இல்லாத பயிற்சி மேப்புக்குப் போய்ச் சுவரில் ஏதாவது ஒரு மூலையைக் குறி வையுங்கள். பிறகு நான்கு தடவை தள்ளிப் பாருங்கள்: எஃப்பிஎஸ் அதிகமாக வைத்து மெதுவாக ஒன்று, வேகமாக ஒன்று. எஃப்பிஎஸ்ஸைக் குறைத்து மெதுவாக ஒன்று, வேகமாக ஒன்று. ஒவ்வொன்றுக்கும் முன்னால் மவுஸைத் தூக்கி முதல் புத்தகத்துக்குக் கொண்டுவந்து, அதே மூலையில் மறுபடி குறி வைத்துத் தொடங்குங்கள். வேகமாகத் தள்ளும்போது மவுஸ் புத்தகத்தில் மோதி ஒரு நூலளவு திரும்பி வரும். அதனால் கடைசியில் அழுத்திப் பிடித்து நிறுத்திய பிறகே பார்வை எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

எஃப்பிஎஸ்ஸைக் குறைக்க கேமின் செட்டிங்கிலேயே வரம்பு இருக்கும். இல்லாவிட்டால் RivaTuner Statistics Server போதும். கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்கில் கன்சோலில் `fps_max 60` என்று அடித்தால் முடிந்தது. அங்கே உங்கள் சொந்தப் பயிற்சி ஆட்டத்தில் `sv_cheats 1` போட்டுவிட்டு `getpos` அடித்தால் `setang` என்ற சொல்லுக்குப் பின்னால் வரும் இரண்டாவது எண் நீங்கள் பார்க்கும் திசையின் டிகிரி. 800 டிபிஐ, சென்சிட்டிவிட்டி 1 என்றால் 20 செ.மீ.க்கு ஏறக்குறைய 6,300 கவுன்ட், அதாவது 138 அல்லது 139 டிகிரி வர வேண்டும். மவுஸ் சொல்லும் டிபிஐ சில சதவீதம் முன்பின் இருக்கும் என்பதால் உங்களுக்கு 135 வந்தாலும் கவலையில்லை. நான்கு தடவையும் ஒரே எண் வருகிறதா என்பதே நமக்கு வேண்டியது. இப்படி ஒரு நல்ல கேமில் முதலில் செய்து பார்த்துவிட்டால் மவுஸும் கையும் சரி என்பது உறுதியாகும். அதன் பிறகு பிரச்சினை உள்ள கேமுக்குப் போகலாம்.

அக்கா மகனின் கேமில் வந்த விடை இது. 144-இல் மெதுவாகத் தள்ளினாலும் வேகமாகத் தள்ளினாலும் 150 டிகிரி. 60-இல் மெதுவாகவும் வேகமாகவும் 360 டிகிரி, அதாவது முழுச் சுற்று சுற்றி அதே மூலைக்கு வந்து நின்றது. சந்தேகம் தீர 30-க்கு இறக்கினோம். இரண்டு முழுச் சுற்று சுற்றியது.

## அறிகுறி 1: எஃப்பிஎஸ் குறைந்தால் அதே தூரத்துக்கு அதிகமாகத் திரும்புகிறது

360-ஐ 150-ஆல் வகுத்தால் 2.4. 144-ஐ 60-ஆல் வகுத்தாலும் 2.4. இப்படி இரண்டு எண்ணும் அச்சாகப் பொருந்தினால் வேறெங்கும் தேட வேண்டாம். கேமின் நிரலில் மவுஸ் கவுன்ட்டை ஃபிரேம் நேரத்தால் பெருக்கியிருக்கிறார்கள். விண்டோஸில் நீங்கள் என்ன மாற்றினாலும் இது போகாது. ரா இன்புட் போட்டாலும் போகாது. ரா இன்புட் செய்வது மவுஸின் கவுன்ட்டை யாரும் தொடாமல் கேமின் வாசல் வரை கொண்டுவந்து விடுவது மட்டும்தான். வாசலைத் தாண்டிய பிறகு கேம் அதைக் கெடுத்தால் ரா இன்புட் என்ன செய்யும்?

யூனிட்டி என்ற கேம் எஞ்சினில் எழுதப் பழகுபவர்கள் அநேகமாக எல்லோருமே ஒரு தடவையாவது இந்தத் தவறைச் செய்திருப்பார்கள். நானும் செய்திருக்கிறேன்.

```csharp
// பிழை
yaw += Input.GetAxis("Mouse X") * sensitivity * Time.deltaTime;
```

எதையும் ஃபிரேமுக்கு ஃபிரேம் நகர்த்தும்போது `Time.deltaTime`-ஆல் பெருக்க வேண்டும் என்று முதல் பாடத்திலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். ஓடும் ஆளுக்கு அது சரி. அவனுக்கு 5 என்று எண் கொடுத்தால் அது வேகம், ஒரு விநாடிக்கு 5 மீட்டர். வேகத்தை நேரத்தால் பெருக்கினால்தான் தூரம் வரும். கேம்பேடின் குச்சிக்கும் அது சரி, ஏனென்றால் குச்சி சாய்ந்திருக்கும் அளவு வேகத்தைத்தான் சொல்கிறது. மவுஸ் தருவது வேகம் கிடையாது, ஏற்கெனவே நடந்து முடிந்த தூரம். நீண்ட ஃபிரேமில் அதிகத் தூரம் தானாகவே சேர்ந்துவிடுகிறது. அதை மறுபடியும் ஃபிரேம் நேரத்தால் பெருக்கினால் ஒரே கணக்கை இரண்டு தடவை போட்டதாகிறது.

எண்ணை வைத்துப் பார்த்தால் விளங்கும். அரை விநாடியில் 1,000 கவுன்ட் நகர்த்துகிறீர்கள். 60 எஃப்பிஎஸ்ஸில் அது எத்தனை ஃபிரேமாகப் பிரிந்தாலும், ஒவ்வொரு துண்டும் 1/60-ஆல் பெருக்கப்பட்டு மொத்தம் 16.7 ஆகிறது. 144-இல் அதே 1,000 கவுன்ட் 6.9 ஆகிறது. ஃபிரேம் ஒரே சீராக இருந்தால்கூட இதோடு போய்விடும். திடீரென்று ஒரு ஃபிரேம் 100 மில்லிசெகண்டுக்கு இழுத்துக்கொண்டால் அந்த ஒரு ஃபிரேமில் வந்த கவுன்ட் மட்டும் 144 எஃப்பிஎஸ்ஸில் வந்திருக்க வேண்டியதைப் போல 14 மடங்கு திருப்பிவிடும். குண்டு வெடிக்கும் நொடியில் பார்வை சுவருக்குத் தூக்கியெறியப்படுவதாகச் சொல்வார்களே, அது இதுதான்.

சரியான வரி எளிது:

```csharp
yaw += Input.GetAxis("Mouse X") * sensitivity;
```

பெருக்கலை எடுத்ததும் பார்வை சுழன்றடிக்கும், பயந்துவிட வேண்டாம். பழைய எண் 144 எஃப்பிஎஸ்ஸில் 100 என்று சரிப்படுத்தப்பட்டிருந்தால் புதிய எண் 100/144, அதாவது 0.69 போல இருக்க வேண்டும். குச்சிக்கும் மவுஸுக்கும் ஒரே வரி போதும் என்று சேர்த்து எழுதியிருந்தால் பிரித்து எழுதுங்கள். குச்சிக்கு மட்டும் `Time.deltaTime` இருக்கட்டும்.

இதே 1/எஃப்பிஎஸ் விகிதத்தைத் தரும் இன்னொரு பிழையும் உண்டு. அது என்னை ஒரு முறை ஏமாற்றியிருப்பதால் சொல்கிறேன். மவுஸை `FixedUpdate`-க்குள் படித்தால் அது எஃப்பிஎஸ் எதுவானாலும் விநாடிக்கு 50 தடவைதான் ஓடும். `GetAxis` கொடுப்பதோ அந்த ஒரு ஃபிரேமின் நகர்வை மட்டும். 144 எஃப்பிஎஸ்ஸில் மூன்றில் இரண்டு ஃபிரேமின் நகர்வு யாரும் படிக்காமலே போய்விடும். 30 எஃப்பிஎஸ்ஸில் ஒரே நகர்வு இரண்டு தடவைகூடப் படிக்கப்படும். புத்தகச் சோதனையில் இரண்டு பிழையும் ஒன்றுபோலத் தெரியும். பிரித்துப் பார்க்க, அதிக எஃப்பிஎஸ்ஸில் மவுஸை விரல் நுனியால் ஒரு சின்னத் தட்டு தட்டுங்கள். சில தட்டுகளுக்குப் பார்வை அசையும், சிலவற்றுக்கு அசையவே அசையாது என்றால் `FixedUpdate`. எல்லாத் தட்டுக்கும் அசைந்தால் `deltaTime`. முன்னதற்கு மருந்து, மவுஸைப் படிக்கும் வரியை `Update`-க்கு மாற்றுவது.

நிரல் உங்கள் கையில் இல்லை, ஆட மட்டும்தான் முடியும் என்றால் ஒரு வழிதான் இருக்கிறது. எந்த நிலையிலும் கீழே இறங்காத ஓர் எஃப்பிஎஸ்ஸில் கேமைப் பூட்டிவிட்டு, சென்சிட்டிவிட்டியை அதற்கேற்ப மாற்றுவது. புதிய எண் = பழைய எண் × புதிய எஃப்பிஎஸ் ÷ பழைய எஃப்பிஎஸ். 144-இல் 50 வைத்திருந்தவன் 60-இல் பூட்டினால் 50 × 60 ÷ 144, அதாவது 21. அக்கா மகனுக்கு அப்படித்தான் செய்தோம், சார்ஜர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 60. 20 செ.மீ.க்கு 151 டிகிரி வந்தது. இது முழு மருந்து ஆகாது. 60-இல் பூட்டிய பிறகும் ஒரு ஃபிரேம் 100 மில்லிசெகண்டுக்கு இழுத்தால் அங்கே ஆறு மடங்கு துள்ளும். அதனால் கிராஃபிக்ஸை இறக்கி, ஃபிரேம் தடுமாறாமல் பார்த்துக்கொள்வதும் இந்தச் சிகிச்சையில் சேர்த்திதான்.

## அறிகுறி 2: வேகமாக வீசினால் மட்டும் குறைவாகத் திரும்புகிறது, அதுவும் எஃப்பிஎஸ் குறைவாக இருக்கும்போது

மெதுவாகத் தள்ளினால் எல்லா எஃப்பிஎஸ்ஸிலும் ஒரே கோணம். அதிக எஃப்பிஎஸ்ஸில் வேகமாகத் தள்ளினாலும் அதே கோணம். குறைந்த எஃப்பிஎஸ்ஸில் வேகமாகத் தள்ளும்போது மட்டும் பாதியில் நின்றுவிடுகிறது. பின்னால் வருபவனைப் பார்க்கத் திரும்பினால் தோளுக்கு மேல் திரும்பாமல் நிற்கும். இது ரா இன்புட் இல்லாத பழைய கேம்களின் அடையாளம்.

அவை மவுஸை நேராகக் கேட்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத பாயின்டரைத் திரையின் நடுவில் வைத்துவிட்டு, அடுத்த ஃபிரேமில் அது நடுவிலிருந்து எத்தனை பிக்ஸல் தள்ளி இருக்கிறது என்று பார்த்து, மறுபடி நடுவுக்கு இழுத்துக்கொள்ளும். 1920 பிக்ஸல் அகலத் திரையில் நடுவிலிருந்து ஓரம் வரை 960 பிக்ஸல்தான். பாயின்டர் ஓரத்தில் முட்டி நின்றுவிட்டால் அதற்கு மேல் வந்த கவுன்ட் எல்லாம் காற்றோடு போயிற்று.

1600 டிபிஐ மவுஸை விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வீசுகிறீர்கள். ஆட்டத்தின் சூட்டில் இந்த வேகம் சாதாரணம். ஒரு மீட்டர் 39.37 அங்குலம், ஆக விநாடிக்கு 63,000 கவுன்ட். 144 எஃப்பிஎஸ்ஸில் ஒரு ஃபிரேமுக்கு 437, ஓரத்தைத் தொடவே தொடாது. 60-இல் 1,050. ஒவ்வொரு ஃபிரேமிலும் 90 கவுன்ட் தொலைகிறது. 30-இல் 2,100 வந்து, அதில் பாதிக்கு மேல் தொலைகிறது. விண்டோவைச் சின்னதாக்கி ஆடினால் இன்னும் சீக்கிரம் முட்டும். மேல்கீழ்ப் பக்கம் 540 பிக்ஸல்தான் என்பதால் அங்கே முதலில் தெரியும்.

கேமில் ரா இன்புட் இருந்தால் போடுங்கள், இந்த அறிகுறி அத்தோடு மறைந்துவிடும். பழைய சோர்ஸ் எஞ்சின் கேம்களில் அது `m_rawinput 1`. இல்லையென்றால் மவுஸின் டிபிஐயை 1600-இலிருந்து 800-க்கு இறக்கி, கேமின் சென்சிட்டிவிட்டியை இரண்டு மடங்காக்குங்கள். கை தூரம் மாறாது, ஒரு ஃபிரேமுக்கு வரும் கவுன்ட் பாதியாகிவிடும்: 60-இல் 525, ஓரத்துக்கு வெகு தூரம். ஆனால் 30 எஃப்பிஎஸ்ஸில் மறுபடி 1,050 ஆகிவிடும் என்பதால் இதற்கும் ஓர் எல்லை உண்டு.

இங்கே ஒரு சந்தேகம் வரும், மவுஸின் சென்சாரே வேகத்தைத் தாங்காமல் விட்டுவிடுகிறதோ என்று. பழைய ஆபீஸ் மவுஸ்களில் அப்படி நடப்பதுண்டு. அப்படியானால் 144 எஃப்பிஎஸ்ஸிலும் வேகமாக வீசும்போது கோணம் குறையும். எஃப்பிஎஸ்ஸை ஏற்றியதும் சரியாகிவிட்டால் சென்சார் மேல் பழி போடாதீர்கள்.

## அறிகுறி 3: எஃப்பிஎஸ் எதுவானாலும், மெதுவாகத் தள்ளினால் ஒரு கோணம், வேகமாகத் தள்ளினால் வேறு கோணம்

இதுதான் பாயின்டர் ஆக்ஸிலரேஷன். விண்டோஸில் இதன் பெயர் `Enhance pointer precision`. கை வேகமானால் அதே தூரத்துக்குப் பாயின்டரைக் கூடுதலாக நகர்த்தும், மெதுவானால் குறைவாக. எக்ஸெல் கட்டங்களைச் சொடுக்குவதற்கு வசதிதான். அது பார்ப்பது கையின் வேகத்தை, எஃப்பிஎஸ்ஸை அதற்குத் தெரியாது. ஆகவே உங்கள் பிரச்சினை எஃப்பிஎஸ்ஸோடு ஏறி இறங்குகிறது என்றால் இதை அணைப்பதால் ஒரு பலனும் இல்லை. அக்கா மகன் முதல் நாள் முழுவதும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான்.

அணைக்க, விண்டோஸ் பொத்தானோடு R-ஐ அழுத்தி `main.cpl` என்று அடியுங்கள். `Pointer Options` தாவலில் அந்தப் பெட்டியின் டிக்கை எடுத்துவிடுங்கள். அதே இடத்தில் வேகக் கோட்டை 11 நிலைகளில் நடுவிலுள்ள 6-ஆவதில் வையுங்கள். அங்கேதான் ஒரு கவுன்ட்டுக்கு ஒரு பிக்ஸல். 7-ஆவதில் 1.5 மடங்கு, 5-ஆவதில் 0.75. உண்மையிலேயே அணைந்திருக்கிறதா என்று கட்டளை வரியில் பார்க்கலாம்:

```
reg query "HKCU\Control Panel\Mouse" /v MouseSpeed
reg query "HKCU\Control Panel\Mouse" /v MouseSensitivity
```

முதலாவது 0, இரண்டாவது 10 என்று வர வேண்டும். கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே `main.cpl`-ஐ மறுபடி திறந்து அந்தப் பெட்டியையும் ஒரு தடவை பாருங்கள். சில பழைய கேம்கள் திறந்ததும் தாங்களாகவே விண்டோஸின் மவுஸ் அமைப்பை மாற்றிவிட்டு, மூடும்போது திருப்பி வைக்கும். லினக்ஸில் க்னோம் வைத்திருப்பவர்களுக்கு ஒரே வரி:

```
gsettings set org.gnome.desktop.peripherals.mouse accel-profile 'flat'
```

கேம் ரா இன்புட் என்று சொல்வது நிஜமா என்று அறிய நான் எப்போதும் செய்யும் சோதனை இது. விண்டோஸின் வேகக் கோட்டை அடிமட்டத்துக்கு இழுத்துவிட்டுக் கேமுக்குள் போய்ப் புத்தகச் சோதனை செய்யுங்கள். கோணம் மாறவில்லை என்றால் கேம் மவுஸை நேராகப் படிக்கிறது, விண்டோஸின் எந்த அமைப்பும் உங்கள் குறியைத் தொடாது. கோணம் சுருங்கிவிட்டால் செட்டிங்கில் என்ன எழுதியிருந்தாலும் அது பாயின்டரைத்தான் படிக்கிறது. மெனுவில் பாயின்டர் ஊர்வதைப் பார்த்து முடிவுக்கு வர வேண்டாம். மெனுவுக்கு ஒரு வழி, ஆட்டத்துக்கு வேறு வழி என்று வைத்திருக்கும் கேம்கள் நிறைய.

கை வேகத்துக்கும் மாறுகிறது, எஃப்பிஎஸ்ஸுக்கும் மாறுகிறது, அதுவும் வேகமாக வீசும்போது கூடுகிறது என்றால் கேமுக்குள்ளேயே ஒரு ஆக்ஸிலரேஷன் இருக்கிறது, அதுவும் ஃபிரேமை வைத்துக் கணக்குப் போடுகிறது. சோர்ஸ் எஞ்சினின் `m_customaccel` அப்படிப்பட்டது. ஒரு ஃபிரேமில் எத்தனை கவுன்ட் வந்தது என்பதையே அது வேகம் என்று எடுத்துக்கொள்ளும். விநாடிக்கு 12,000 கவுன்ட் வேகத்தில் கை போனால் 144-இல் அதன் கண்ணுக்கு 83 தெரியும், 60-இல் 200 தெரியும். கை ஒன்று, ஆனால் எஃப்பிஎஸ் குறைந்தால் முடுக்கம் கூடிவிடும். `m_customaccel 0` என்று வைத்தால் தீர்ந்தது.

ஆக்ஸிலரேஷன் வைத்தே ஆட விரும்புபவர்களும் இருக்கிறார்கள், அதில் தவறில்லை. அதைச் சரியாக எழுதுவது எப்படி என்று பார்க்க வேண்டுமானால், 2005-இல் வெளியிடப்பட்ட க்வேக் 3 மூல நிரலில் இரண்டு வரிகள் போதும்:

```c
rate = sqrt( mx * mx + my * my ) / (float)frame_msec;
accelSensitivity = cl_sensitivity->value + rate * cl_mouseAccel->value;
```

ஃபிரேமில் வந்த தூரத்தை ஃபிரேமின் நேரத்தால் வகுத்துவிடுகிறார்கள். அப்போது 83-உம் 200-உம் ஒரே வேகமாகத் தெரிகின்றன. முதல் அறிகுறியில் நேரத்தால் பெருக்கியது பிழை, இங்கே நேரத்தால் வகுக்காமல் விடுவது பிழை. எண் தூரமா, வேகமா என்று கேட்டுக்கொண்டால் இரண்டும் ஒரே கேள்விதான்.

## அறிகுறி 4: கோணம் நான்கு தடவையும் ஒன்றே, ஆனாலும் எஃப்பிஎஸ் இறங்கினால் குறி பிசகுகிறது

புத்தகச் சோதனையில் தேறிவிட்டால் சென்சிட்டிவிட்டியைத் தொடாதீர்கள். இப்போது பிரச்சினை அளவில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. பார்வை தாமதமாக வந்தால் கை இன்னும் கொஞ்சம் தள்ளிவிடுகிறது, ஆளைத் தாண்டுகிறது, திரும்ப இழுக்கிறோம். அதிகச் சென்சிட்டிவிட்டி போலவே தோன்றும். அதை நம்பி எண்ணைக் குறைத்தால் எஃப்பிஎஸ் நன்றாக இருக்கும்போது கை எட்டாமல் போகும்.

கைப்பேசியின் ஸ்லோ மோஷன் கேமராவில் கையும் திரையும் சேர்ந்து தெரியும்படி படம் பிடியுங்கள். 240 எஃப்பிஎஸ் என்றால் ஒரு படம் நான்கு மில்லிசெகண்டுக்குக் கொஞ்சம் மேல். மவுஸ் புத்தகத்தில் முட்டி நின்ற படத்தைக் கண்டுபிடித்து, அதிலிருந்து ஒவ்வொரு படமாக நகர்த்திப் பாருங்கள். பார்வை தாமதமாக வந்து டக்கென்று நின்றால் அது வெறும் தாமதம். நிற்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் வந்ததும் வேகம் குறைந்து, எண்ணெயில் வழுக்குவது போல மெல்ல ஊர்ந்து நின்றால் மவுஸ் ஸ்மூத்திங்.

ஸ்மூத்திங் என்பது போன ஃபிரேமின் நகர்வையும் இந்த ஃபிரேமின் நகர்வையும் சேர்த்துச் சராசரி எடுப்பது. மொத்தக் கோணம் மாறாது, அதனால்தான் சோதனையில் தேறிவிடுகிறது. இரண்டு ஃபிரேம் சராசரி அரை ஃபிரேம் தாமதத்தைச் சேர்க்கும். 144-இல் 3.5 மில்லிசெகண்ட், 60-இல் 8, 30-இல் 17 போல. எஃப்பிஎஸ் இறங்க இறங்கச் சேறு கூடுகிறது. க்வேக் 3-இல் இது `m_filter`, 0 என்று வையுங்கள். அன்ரியல் எஞ்சின் கேம்களில் செட்டிங்கில் காணாவிட்டால், `%LOCALAPPDATA%`-க்குள் அந்தக் கேமின் பெயரில் இருக்கும் ஃபோல்டரில் `Saved\Config` வழியாகப் போய் `Input.ini`-யில் இதைச் சேர்த்துப் பாருங்கள்:

```
[/Script/Engine.InputSettings]
bEnableMouseSmoothing=False
```

எல்லா கேமும் இதை மதிப்பதில்லை. சேர்த்த பிறகு மறுபடி படம் பிடித்து வழுக்கல் போயிற்றா என்று பாருங்கள், தோன்றுவதை நம்ப வேண்டாம்.

வெறும் தாமதம் என்றால் மவுஸை விட்டுவிட்டு கிராஃபிக்ஸ் கார்டைப் பாருங்கள். அது 99 சதவீதத்தில் திணறும்போது ப்ராசஸர் தயாரித்த ஃபிரேம்கள் அதன் வாசலில் வரிசையில் நிற்கும். நீங்கள் மவுஸை நகர்த்தியது அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கிறது. எஃப்பிஎஸ்ஸை அது இறங்கும் அடிமட்டத்துக்குச் சற்றுக் கீழே வரம்பிட்டால் வரிசை கலைந்துவிடும். 80-க்கும் 95-க்கும் இடையே ஆடிக்கொண்டிருந்த கேமை 75-இல் நிறுத்தினால் எண் குறைந்தாலும் கைக்கு லேசாக இருக்கும். கேமில் என்விடியா ரிஃப்ளெக்ஸ் இருந்தால் அதுவும் இதே வேலையைச் செய்கிறது.

## அறிகுறி 5: மவுஸை அசைக்கும்போது மட்டும் எஃப்பிஎஸ் விழுகிறது

மவுஸ் 4000 அல்லது 8000 ஹெர்ட்ஸில் இருக்கும். ஒவ்வொரு செய்தியையும் தனித்தனியாகக் கையாளும் பழைய கேம்கள் அந்த வெள்ளத்தில் திணறிவிடும். மவுஸின் மென்பொருளில் 1000-க்கு இறக்குங்கள், அப்போதும் விழுந்தால் 500. கோணம் இதனால் மாறாது.

## கேம் எழுதியவருக்கு என்ன அனுப்பினோம்

அக்கா மகனின் கேமை எழுதியது ஒரு சின்னக் குழு. "சென்சிட்டிவிட்டி சரியில்லை" என்று எழுதினால் அவர்களும் ரா இன்புட்டைப் போடுங்கள் என்றுதான் சொல்வார்கள். அதனால் அளந்ததை மட்டும் எழுதச் சொன்னேன்:

"800 டிபிஐ, மவுஸ் நகர்ந்த தூரம் 20 செ.மீ., சென்சிட்டிவிட்டி 50. எஃப்பிஎஸ் வரம்பு 144 என்றால் 150 டிகிரி, 60 என்றால் 360, 30 என்றால் 720. கை வேகத்தால் மாறவில்லை. அதிக எஃப்பிஎஸ்ஸில் சின்னத் தட்டுகள் எதுவும் தவறவில்லை. மவுஸ் நகர்வை `deltaTime`-ஆல் பெருக்கும் வரி எங்கோ இருக்கிறது என்று நினைக்கிறோம்."

அனுப்பிவிட்டுப் புத்தகங்களை அலமாரியில் வைக்கப் போனேன். "இருக்கட்டும் மாமா, அப்டேட் வந்ததும் மறுபடி அளக்கணும்" என்று வாங்கி, ஸ்கேலோடு சேர்த்துத் தன் மேசை மேலேயே வைத்துக்கொண்டான்.